ஒரே வரியில் இரண்டு வருத்தங்கள்

வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் தரும் தாளைக் கொழும்பில் டயக்னோசிஸ் காட் என்பார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில், கையெழுத்தில், சுருக்கங்களாக எழுதப்பட்டிருக்கும். வார்டில் கேட்க நினைத்த கேள்விகள் எல்லாம் வீட்டுக்கு வந்து, மேசையில் அந்தத் தாளை விரித்துவைத்த பிறகுதான் ஞாபகம் வரும். அப்போது பக்கத்தில் டொக்டர் இருக்கமாட்டார்.

இந்த அத்தியாயத்துக்காக ஓர் அட்டையை நாமே அமைத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, ஆனால் இப்படிப்பட்ட எண்களை மருத்துவ வார்டுகளில் அடிக்கடி காணலாம். வெள்ளவத்தையில் இருக்கும் 64 வயது அம்மா. பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம், பிரஷர். மாதந்தோறும் கிளினிக். ஒக்டோபரில் மூன்று நாள் வயிற்றோட்டம், சத்தி. உடல் நோவுக்குப் பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கிக் குடித்திருக்கிறார். நான்காம் நாள் எழும்ப முடியாமல் போக, களுபோவில வைத்தியசாலையில் சேர்த்தார்கள். ஏழு நாளில் வீட்டுக்கு விட்டார்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் மகள் வந்து அட்டையைப் பார்க்கிறார். நோய் என்ற இடத்தில் இப்படி ஒரு வரி: ஏ.கே.ஐ. ஸ்டேஜ் 3 ஒன் சீ.கே.டி. ஸ்டேஜ் 3பி.

முதலாவது, திடீரென ஏற்பட்ட சிறுநீரகப் பாதிப்பு. இரண்டாவது, நாட்பட்ட சிறுநீரக நோய். நடுவில் உள்ள 'ஒன்' என்ற சின்னச் சொல், ஒன்றின் மேல் மற்றது வந்து ஏறியிருக்கிறது என்கிறது. ஒரே உறுப்பு, ஒரே ஆள், ஆனால் இரண்டு வருத்தங்கள். ஒன்று சில கிழமைகளில் போகக்கூடியது. மற்றது போகாது. அட்டையில் உள்ள மற்ற எல்லா வரிகளையும், எந்தக் குளிசையை நிறுத்தினார்கள், ஏன் அடுத்த கிழமையே இரத்தம் எடுக்கச் சொன்னார்கள் என்பதையெல்லாம், இந்தப் பிரிவினையைக் கொண்டுதான் வாசிக்க வேண்டும்.

ஓர் எண் போதாது

திடீர் நோய் என்றால் கடுமையானது, நாட்பட்டது என்றால் மெதுவானது, அதனால் பயமில்லை என்று வீடுகளில் ஒரு கணக்கு இருக்கிறது. அது பிழை. தடிமனும் திடீர் நோய்தான். அது ஐந்து நாளில் போய்விடும். நாட்பட்ட சிறுநீரக நோய் ஒரு நோவும் தராமல் பத்து வருடம் இருந்துவிட்டு உயிரையே கேட்கும். இரண்டையும் பிரிப்பது காலம்தான்.

அந்தக் காலத்தை டொக்டர்கள் எண்ணாலேயே வரையறுத்திருக்கிறார்கள். இரத்தத்தில் உள்ள கிரியற்றினின் என்ற கழிவுப்பொருள் 48 மணித்தியாலத்துக்குள் 0.3 மில்லிகிராம் கூடினாலோ, ஏழு நாளுக்குள் வழமையான அளவைப்போல ஒன்றரை மடங்கானாலோ அது திடீர்ப் பாதிப்பு. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 60க்குக் கீழே இறங்கி, அல்லது சிறுநீரில் புரதம் போவது போன்ற சேத அடையாளம் தென்பட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட நோய்.

இரண்டு வரையறையிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையை வைத்து இரண்டில் எதையும் சொல்ல முடியாது. அம்மாவைச் சேர்த்த அன்று கிரியற்றினின் 4.2. வெறும் 4.2 என்ற எண் எதையும் சொல்லாது. நேற்று 1 ஆக இருந்து இன்று 4.2 ஆனவரும் இருக்கிறார். இரண்டு வருடமாக 4.2இல் வாழ்பவரும் இருக்கிறார். முன்னவருக்கு ஓடி ஓடி வைத்தியம் செய்ய வேண்டும். பின்னவர் அன்று வேறு ஏதோ காரணத்துக்காக வந்திருக்கலாம்.

பிரித்துச் சொன்னது அம்மாவின் கிளினிக் கொப்பி. அதில் ஜனவரியில் 1.5, ஜூனில் 1.6 என்று எழுதியிருந்தது. 64 வயதுப் பெண்ணுக்கு 1.6 என்பது, வயதையும் பாலையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுமார் 36 வடிகட்டும் திறன். 30க்கும் 44க்கும் இடைப்பட்டதை 3பி என்பார்கள். ஜனவரியிலும் ஜூனிலும் அந்த நிலையிலேயே இருந்ததால் மூன்று மாத நிபந்தனையும் நிறைவேறிவிட்டது. ஆகவே நாட்பட்ட நோய் ஒக்டோபரில் பிறந்ததல்ல. மகளுக்கு அது புதுச்செய்தியாக இருக்கலாம். சிறுநீரகத்துக்கு அது பழைய செய்தி. 1.6இலிருந்து 4.2க்குப் பாய்ந்தது மட்டுமே ஒக்டோபரின் வேலை.

கொப்பியைப் புரட்டும்போது ஓர் இடத்தில் தடுக்கி விழலாம். சில ஆய்வுகூடங்கள் கிரியற்றினினை மில்லிகிராமில் தருகின்றன, சில மைக்ரோமோலில் தருகின்றன. 1.6 மில்லிகிராமும் 141 மைக்ரோமோலும் ஒரே அளவு. மில்லிகிராம் எண்ணை 88.4ஆல் பெருக்கினால் மற்றது வரும். "போன மாதம் 1.6, இப்ப 141 என்று போட்டிருக்கே" என்று பதறுவதற்கு முன் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பார்க்க வேண்டும்.

கொப்பி தொலைந்துபோனவர்களுக்கு வேறு தடயங்கள் தேடுவார்கள். ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கி, ஒன்பது சென்ரிமீற்றருக்குக் குறைந்து, வெளிப்படை மெலிந்து தெரிந்தால் அது நெடுங்காலச் சேதம். ஒரு கிழமையில் சிறுநீரகம் சுருங்காது. இந்த அம்மாவின் அட்டையில் 8.6, 8.4 என்று எழுதியிருக்கிறது. இரத்தச்சோகையும் பழைய நோயின் பக்கம் சாயும் சாட்சி, ஏனென்றால் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் சுரப்பைத் தருவதும் சிறுநீரகம்தான். ஆனால் இவை ஊகச் சாட்சிகள். சீனி வருத்தத்தால் பழுதான சிறுநீரகம் பல வேளை சுருங்காமலே இருக்கும். பழைய எண்ணுக்கு ஈடு எதுவும் இல்லை.

இரண்டு ஏணிகள்

மகளைப் பயப்படுத்தியது அந்த வரியில் இரண்டு தரம் வந்த 3தான். புற்றுநோயில் ஸ்டேஜ் 3 என்று கேட்ட காதுக்கு இதுவும் அப்படியே ஒலிக்கும். இங்கே இரண்டு 3களும் ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு ஏணிகளின் படிகள்.

திடீர்ப் பாதிப்பின் ஏணியில் மூன்றே படிகள். வழமையைப்போல மூன்று மடங்காக ஏறினாலோ, 4.0ஐத் தாண்டினாலோ மூன்றாம் படி. அம்மாவின் எண் மூன்று மடங்காகவில்லை, ஆனால் 4.0ஐத் தாண்டிவிட்டது. இந்த ஏணியில் ஏறியவர் இறங்கலாம்; ஏழாம் நாள் 2.1க்கு வந்தபோது அம்மா இறங்கிக்கொண்டுதான் இருந்தார். நாட்பட்ட நோயின் ஏணியில் ஒன்றிலிருந்து ஐந்து வரை, மூன்று மட்டும் ஏ, பி என்று இரண்டாகப் பிரிந்து இருக்கும். அதில் இறங்கி வருவது அரிது. வைத்தியம் செய்வதெல்லாம் அடுத்த படிக்கு ஏறாமல் பிடித்து வைக்கத்தான்.

ஆய்வுகூடத் தாளில் இன்னொரு பயமும் காத்திருக்கும். 4.2 வந்த அன்று கணினி தானாகக் கணக்குப் போட்டு, வடிகட்டும் திறன் 11 என்று அச்சிட்டிருக்கும். 15க்குக் கீழே என்றால் நாட்பட்ட ஏணியில் ஐந்தாம் படி, அதாவது கடைசிப் படி. ஆனால் அந்தச் சூத்திரம் கிரியற்றினின் ஒரே அளவில் நிற்கும் ஆளுக்கு எழுதியது. ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும் நாளில் அது தரும் விடைக்கு அர்த்தமில்லை. அதனால்தான் டொக்டர் 11ஐப் பார்த்தும் ஐந்து என்று எழுதாமல், ஜூன் மாதக் கணக்கை வைத்து 3பி என்று எழுதினார்.

கிரியற்றினின் பிந்தித்தான் பேசும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முதல் நாள் 4.2, சேலைன் ஏற்றிய பிறகும் இரண்டாம் நாள் 4.4. "மருந்து வேலை செய்யேல்லையோ?" என்று வார்டில் கேட்டிருப்பார்கள். சிறுநீரகம் தேறத் தொடங்கினாலும், தேங்கிய கழிவு வெளியேற நேரம் எடுக்கும். அந்த நாட்களில் சிறுநீர் கூடிவருவதைத்தான் டொக்டர்கள் முதலில் பார்ப்பார்கள். ஐந்தாம் நாள் 2.9க்கு இறங்கியது.

வயிற்றோட்டம் எப்படிச் சிறுநீரகத்துக்குப் போனது?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து இலட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மயிரிழைக் குழாய்களின் ஒரு சிறு முடிச்சு. அதற்குள் இரத்தம் வர ஒரு நாளம், வெளியே போக ஒரு நாளம். இரண்டுக்கும் இடையிலுள்ள அழுத்தமே வடிகட்டலைச் செய்கிறது. உடலில் தண்ணீர் வற்றி அழுத்தம் குறையும்போது சிறுநீரகம் இரண்டு தந்திரம் செய்யும்: உள்ளே வரும் வழியை அகட்டும், வெளியே போகும் வழியை ஒடுக்கும். அழுத்தம் ஓரளவு காப்பாற்றப்படும்.

உள்வழியை அகட்டுவதற்கு உடம்பு சுரக்கும் பொருளை டைக்ளோபெனாக் தடுக்கிறது. வெளிவழியை ஒடுக்குவதைப் பிரஷருக்குக் குடிக்கும் லொசார்டன் தடுக்கிறது. அம்மா குடிக்கும் இன்னொரு பிரஷர்க் குளிசை சிறுநீரைக் கூட்டி, ஏற்கெனவே வற்றிய உடலிலிருந்து மேலும் நீரை எடுக்கிறது. வயிற்றோட்டத்தின் மூன்று நாளும் மூன்றும் ஒன்றாக உள்ளே போயின. ஒவ்வொன்றும் தனியாக, நல்ல நாளில், பலருக்குத் தொந்தரவு தராத மருந்து. சேர்ந்தபோது, வற்றிய உடம்பில், இரண்டு தந்திரமும் கைவிட்டன. 3பியில் இருக்கும் சிறுநீரகத்துக்கு மிச்சக் கையிருப்பு குறைவு. அதனால் விழுந்தால் ஆழமாக விழும். அட்டையின் அந்த 'ஒன்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கதை இதுதான்.

இந்த விழுகையில் எது திரும்பும், எது திரும்பாது? அழுத்தம் குறைந்ததால் வடிகட்டல் நின்ற பகுதி, தண்ணீர் கிடைத்ததும் ஓரிரு நாளில் திரும்பும். ஒட்சிசன் போதாமல் உள்குழாய்ச் சுவரின் கலங்கள் இறந்திருந்தால், பக்கத்துக் கலங்கள் பிரிந்து பெருகி இடத்தை நிரப்பும். அதற்குச் சில கிழமை வேண்டும். ஆனால் தழும்பாகிப்போன வடிகட்டி திரும்ப முளைக்காது. பதினைந்து வருடச் சீனியும் பிரஷரும் ஆக்கியவை அந்தத் தழும்புகள். ஒக்டோபரில் சில புதிதாகவும் சேர்ந்திருக்கலாம். திடீர்ப் பாதிப்பு வந்து போனவர்களுக்கு நாட்பட்ட நோய் வருவதும் விரைவதும் கூடுதல் என்பது இதனால்தான்.

டயலிசிஸ் என்ற கேள்வி

வார்டில் யாரோ டயலிசிஸ் என்று சொன்னது மகளின் காதில் விழுந்திருந்தது. "தொடங்கினா வாழ்நாள் முழுக்கத்தான் எண்டு சொல்லுவினம்" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. அதற்கு விடை சொல்ல, இயந்திரத்தின் வரலாறே போதும்.

நெதர்லாந்தில் வில்லெம் கொல்ஃப் என்ற டொக்டர் உலகப்போர்க் காலத்தில் செலோபேன் குழாயை உருளையில் சுற்றி ஒரு செயற்கைச் சிறுநீரகம் செய்தார். தொடக்கத்து நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். 1945 செப்டெம்பரில் 67 வயதுப் பெண் ஒருவர் மயக்கத்தில் வந்தார். இயந்திரத்தில் போட்ட பிறகு விழித்தார். பிழைத்து மேலும் சில வருடம் வாழ்ந்தார். அவருடையது திடீர்ப் பாதிப்பு. சிறுநீரகம் தானாகத் தேறும்வரை இயந்திரம் சில நாளைக் கடத்திக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அதே இயந்திரத்தால் நாட்பட்ட நோயாளியைக் காப்பாற்ற முடியவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நாளத்தை வெட்டிக் குழாய் செருக வேண்டும். சீக்கிரம் வெட்ட நாளமே மிஞ்சாது. 1960இல்தான் அமெரிக்காவின் சியாட்டலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையில் நிலையாக வைத்திருக்கும் டெஃப்லோன் குழாயைக் கொண்டுவந்தார். அதன் பிறகே கிழமைக்குக் கிழமை டயலிசிஸ் செய்து வருடக்கணக்கில் வாழ்வது சாத்தியமானது. முதலில் வந்த வைத்தியம் திடீர் நோய்க்கானது. வாழ்நாள் வைத்தியம் வர இன்னும் பதினைந்து வருடம் பிடித்தது.

ஆகவே டயலிசிஸ் போட்டதைக் கொண்டு நோயை அறிய முடியாது. எந்த நோய்க்குப் போட்டார்கள் என்பதைக் கொண்டே எத்தனை காலம் என்பதை அறிய வேண்டும். இலங்கையிலேயே இரண்டு நுனிகளையும் காணலாம். வயல்வேலை செய்பவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் ஒரு கிழமைக்குள் நின்றுபோகலாம். உயிர் தப்பியவர்களில் பலருக்குச் சிறுநீரகமும் திரும்பிவிடும். 2008இல் நாட்டில் 7,000க்கும் அதிகமானோர் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவானார்கள். மறுபுறம், வடமத்திய மாகாணத்தில் மெதவாச்சி, பதவியா போன்ற இடங்களில் 1990களிலிருந்து காணப்பட்டுவரும் காரணம் தெரியாத சிறுநீரக நோய், சீனியோ பிரஷரோ இல்லாத விவசாயிகளுக்கு ஓசையில்லாமல் வந்து, கடைசியில் வாழ்நாள் டயலிசிசில் முடிகிறது. நமது அம்மா இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். இந்த முறை டயலிசிஸ் தேவைப்படாமலே தப்பினார்.

குளிசைப் பட்டியலை மூன்றாகப் பிரித்தல்

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மகள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, மருந்துகளை மூன்று கூட்டமாக்குவது.

முதலாவது, இனி எப்போதும் வேண்டாதது. டைக்ளோபெனாக்கும் அதே குடும்பத்து நோவுக்குளிசைகளும் இதில் சேரும். நோவுக்குப் பனடோல், அதுவும் சொன்ன அளவில். பார்மசியில் வேறு பெயரில் அதையே தந்துவிடுவார்கள் என்பதால் சிறுநீரக நோய் இருக்கிறது என்று சொல்லியே கேட்க வேண்டும்.

இரண்டாவது, திடீர்ப் பாதிப்புக்காகத் தற்காலிகமாக நிறுத்தியது: லொசார்டன், சிறுநீரைக் கூட்டும் குளிசை, சீனிக்குக் குடிக்கும் மெற்போமின். இங்கேதான் வீடுகளில் இரண்டு விதமாகவும் பிழைக்கிறது. கிளினிக்கில் தந்த ஒரு மாத மருந்து அலுமாரியில் இருப்பதால், வந்த அன்றே பழையபடி குடிக்கத் தொடங்குவது ஒன்று. மற்றது, "ஆஸ்பத்திரியில நிப்பாட்டச் சொன்னவை" என்று லொசார்டனை ஒரேயடியாக விட்டுவிடுவது. அந்த மருந்து திடீர்ப் பாதிப்பின் நாட்களில் எதிரி; நாட்பட்ட சேதத்தில், அதுவும் சிறுநீரில் புரதம் போகும் சீனி நோயாளிக்கு, சிறுநீரகத்தின் காவல்காரன். மெற்போமினும் அப்படித்தான்: திறன் 30க்குக் கீழே இருந்தால் கூடாது, 30க்கும் 45க்கும் இடையில் குறைத்த அளவு. வீட்டுக்கு வந்த நாளின் 2.1 சுமார் 26ஐக் காட்டும், அதனால் இன்னும் நிறுத்தியே வைத்திருக்கிறார்கள். எப்போது திரும்பத் தொடங்குவது என்ற திகதியோ எண்ணோ அட்டையில் இல்லையென்றால், கிளினிக்கில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

மூன்றாவது, நிற்காமல் தொடர்வது. இவை நாட்பட்ட நோய்களின் மருந்துகள். உடம்பு தேறிவிட்டது என்று விடக்கூடாதவை.

சாப்பாட்டிலும் இதே கணக்கு. அம்மாவைச் சேர்த்த அன்று பொற்றாசியம் 6.1, இதயத் துடிப்பைக் குழப்பக்கூடிய அளவு. களைப்புக்கு நல்லது என்று உறவினர் கொண்டுவரும் செவ்விளநீரில் பொற்றாசியம் நிறைய. சீனிக்கு நல்லது என்று சிலர் அரைத்துக் கொடுக்கும் காமரங்காச் சாறு இன்னும் ஆபத்து. அதிலுள்ள ஒட்சலேற் நல்ல சிறுநீரகத்தையே அடைத்துவிட்ட சம்பவங்கள் இலங்கையில் பதிவாகியிருக்கின்றன. பொற்றாசியம் இறங்கிய பிறகு செவ்விளநீரைப் பற்றி மறுபடி கேட்கலாம். காமரங்கா ஒருபோதும் வேண்டாம்.

அடுத்த வயிற்றோட்டம் எப்போதாவது வரும். அன்று ஜீவனி கரைத்துக் கொடுத்துக்கொண்டே, லொசார்டன், மெற்போமின், சிறுநீர்க் குளிசை மூன்றையும் சில நாள் நிறுத்த வேண்டுமா என்று டொக்டரிடம் உடனே கேட்க வேண்டும். இதைக் கிளினிக்கில் இப்போதே எழுதி வாங்கி வைப்பது இன்னும் நல்லது. சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நில்லாமல் சத்தி வந்தாலோ கேட்டுக்கொண்டிருக்காமல் கொண்டுபோக வேண்டும்.

ஜனவரியில் எழுதப்போகும் வரி

அட்டையின் கடைசியில் இரண்டு திகதிகள் இருக்கும். ஒரு கிழமையில் கிரியற்றினினும் பொற்றாசியமும். மூன்று மாதத்தில் மறுபரிசோதனை. முதலாவது, இறங்கிய எண் இன்னும் இறங்குகிறதா என்று பார்க்க. இரண்டாவது, சர்வதேச வழிகாட்டலே கேட்கும் மூன்று மாதம். நோயின் பெயர் மாறும் நாள். ஜனவரியில் 1.6 வந்தால் ஒக்டோபர் ஒரு சம்பவமாகக் கொப்பியில் நின்றுவிடும். 1.8இல் நின்றுவிட்டால் திறன் சுமார் 31; இன்னும் 3பிதான், ஆனால் அம்மாவின் வழமையே இனி 1.8. 2.1இலேயே நின்றால் நாட்பட்ட ஏணியில் நான்காம் படி. மூன்றில் எது நடந்தாலும் 'ஏ.கே.ஐ.' என்ற சொல் அந்த நாளோடு அட்டையிலிருந்து போய்விடும். அது விட்டுச்சென்றது மட்டும் மற்றச் சொல்லோடு சேர்ந்துவிடும்.

அம்மா சில மாதம் மகளோடு கொட்டாஞ்சேனையில் இருக்கப்போகிறார். அடுத்தமுறை அவசரம் வந்தால் களுபோவிலக்குப் போகமாட்டார்கள். கிட்ட இருக்கும் தேசிய வைத்தியசாலைக்குத்தான் போவார்கள். அங்கே அவரைச் சேர்க்கும் டொக்டருக்கு 1.6 பற்றி எதுவும் தெரியாது. அட்டையையும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களையும் தொலைபேசியில் படமெடுத்து வைத்திருந்தால், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மகள் ஒரே வசனத்தில் சொல்லிவிடலாம்: "அம்மாவின்ர வழமையான கிரியற்றினின் 1.6, ஜூன் மாதம் எடுத்தது." எது பழையது, எது புதியது என்று தேடுவதில் போகும் நேரம் அந்த ஒரு வசனத்தால் மிச்சமாகும்.